மேக்கப்பும் ஃபில்டரும் இல்லாத படத்துக்கு இயல்பாக ஒரு கேப்ஷன்

"மேக்கப் போடாம, ஃபில்டர் போடாம எடுத்த ஒரு போட்டோ போடணும்னு ஆசை. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில தலை காய வெச்சப்போ எடுத்தது. கன்னத்துல பரு தழும்பு நல்லாவே தெரியுது. 'நான் இப்படித்தான்'னு எழுதிப் பார்த்தேன், சண்டைக்குப் போற மாதிரி இருக்கு. ஒண்ணுமே எழுதாம போட்டா 'உடம்பு சரியில்லையா'னு கேப்பாங்க. இதுவரைக்கும் நான் போட்டது எல்லாமே ஃபில்டர் போட்ட படம்தான். உண்மையாவும் இருக்கணும், அலட்டாமலும் இருக்கணும். என்ன எழுதலாம்?"

முகத்தைப் பற்றி எழுத வேண்டாம். அது படத்திலேயே தெரிகிறது. படம் எடுத்த அந்த நேரத்தைப் பற்றி எழுதுங்கள். ஃபில்டர் இல்லை என்ற விஷயம் இரண்டாவது வரியில், ஒரு தகவலாக மட்டும் வரட்டும். என் பதில் இவ்வளவுதான். ஆனால் எழுத உட்காரும்போது தமிழ் சில இடங்களில் நம்மையறியாமல் தொனியை இறுக்கிவிடும். அது எங்கே நடக்கிறது என்று பார்த்துவிட்டால் உங்கள் கேப்ஷனை நீங்களே எழுதிக்கொள்ளலாம். நான் பல வருடங்களாக விளம்பர வாசகம் எழுதிப் பிழைப்பவள். இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைக்காத வேலை என்பதால், ஒரு சொல் மாறினால் பேச்சின் முகமே மாறுவதைத் தினமும் பார்க்கிறேன்.

எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். ஃபில்டர் போடவில்லை என்று எழுதப் போகிறீர்கள், ஆனால் உங்கள் போன் போட்டிருக்கலாம். பல போன்களில் முன்பக்கக் கேமராவுக்குத் தோலை மழமழப்பாக்கும் வசதி ஒன்று உண்டு. Beauty, Retouch, Smooth என்று போனுக்குப் போன் பெயர் மாறும். சில போன்களில் நாம் தொடாமலே அது ஓடிக்கொண்டிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் புருவத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்லது. மை தீட்டியதுபோல் ஒன்றாகக் குழைந்திருந்தால் அந்த வசதி வேலை செய்திருக்கிறது என்று பொருள். கன்னத்தின் ஓரத்தில் பூனைமுடி இருக்கிறதா, கழுத்தும் முகமும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முகம் மட்டும் வெளுத்து, கழுத்து அப்படியே இருந்தால் அதுவும் ஓர் அடையாளம். தாடைக்குப் பின்னால் மாடிச் சுவரின் விளிம்போ கொடிக்கம்பமோ லேசாக வளைந்திருந்தால், முகத்தை ஒல்லியாக்கும் வசதியும் சேர்ந்து ஓடியிருக்கிறது. உங்கள் படத்தில் தழும்பு நன்றாகவே தெரிகிறது என்கிறீர்கள். அதனால் பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. ஆனாலும் அரை நிமிடம் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் கேப்ஷன் பொய்யாகிவிட்டால் மற்ற எதுவும் நிற்காது.

அதே நேரம், ஃபில்டர் இல்லாத படம் எல்லாமே உங்கள் முகத்தை உள்ளபடி காட்டுவதில்லை. கையை மடக்கி மிக அருகில் பிடித்து எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்து அடி தூரத்தில் எடுத்ததோடு ஒப்பிட்டால், ஒரு அடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. இது தூரத்தின் வேலை, கேமராவின் குறையும் இல்லை, உங்கள் மூக்கின் குறையும் இல்லை. படத்தைப் பார்க்கும்போது மூக்கு மட்டும் உறுத்துகிறது என்றால், அடுத்த முறை போனை மாடிச் சுவர்மேல் சாய்த்து வைத்து, டைமர் போட்டு, நாலைந்து அடி தள்ளி நின்று எடுத்துவிட்டு ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். அப்படி வெட்டுவதால் 'ஃபில்டர் இல்லை' என்பது பொய்யாகாது. கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் படத்தில் இடம் வலம் மாறி விழும்போது நமக்கு மட்டும் கோணலாகத் தெரிவதும் உண்டு. ஊரார் எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் புதிதாக எதுவும் தெரியாது.

படம் தயார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 'நான் இப்படித்தான்' என்ற உங்கள் வரிக்கு வருகிறேன்.

சண்டைக்குப் போவது போல இருக்கிறது என்று நீங்களே பிடித்துவிட்டீர்கள். அதைச் செய்வது 'தான்' என்ற இரண்டெழுத்து. தமிழில் 'தான்' வந்தாலே, எதிரில் யாரோ மறுத்துப் பேசியிருக்கிறார்கள் என்று காது எடுத்துக்கொள்கிறது. வீட்டில் அம்மா "இன்னைக்குச் சாப்பாடு இது" என்றால் அது செய்தி. "இன்னைக்குச் சாப்பாடு இதுதான்" என்றால், முகம் சுளித்த யாருக்கோ பதில். 'நான் இப்படித்தான்' என்று எழுதும்போது உங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வாசிப்பவர், யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் போல என்று அந்த ஆளைத் தேட ஆரம்பிப்பார். சரி, 'தான்' வேண்டாம் என்று அதை எடுத்துவிட்டால் 'நான் இப்படி' என்று வரி பாதியில் தொங்குகிறது. 'இது நான்' என்று மாற்றினாலும் தமிழாக ஒலிக்கவில்லை. அந்த வாக்கியத்தை ஒட்டுப்போட முடியாது, மொத்தமாக விட்டுவிடுவதுதான் நல்லது.

அடுத்து 'உம்'. 'மேக்கப் இல்லாமலும் நல்லாத்தானே இருக்கேன்', 'பரு இருந்தாலும் சந்தோஷமா இருக்கேன்', 'தழும்போடயும் நான் நான்தான்' என்றெல்லாம் எழுதத் தோன்றும். இந்த மூன்றிலும் 'உம்' முன்னால் வரும் பாதியை ஒரு குறையாக ஒப்புக்கொள்கிறது, பின்னால் வரும் பாதி அதற்குச் சமாதானம் சொல்கிறது. பரு இருந்தால் சந்தோஷமாக இருக்க முடியாது என்று யாராவது சொன்னால்தான் 'பரு இருந்தாலும்' என்று பதில் வரும். 'ஆனாலும்', 'என்றாலும்', 'பரவாயில்லை' எல்லாம் இதே குடும்பம். வரியில் இவை வந்தால் அடித்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 'சந்தோஷமா இருக்கேன்' என்பது மட்டும் மிஞ்சும். அதை எழுதலாமே.

'கூட' என்பது இன்னும் நுணுக்கமானது. 'மேக்கப் போடலை' என்பது தகவல். 'மேக்கப்கூடப் போடலை' என்றால், 'காலையிலேர்ந்து சாப்பிடக்கூட இல்லை' என்று சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது. செய்ய வேண்டியதைச் செய்ய முடியாத நிலை, கொஞ்சம் பரிதாபம். 'உடம்பு சரியில்லையா' என்ற கேள்வியை வரவழைப்பது பல நேரம் படமில்லை, இந்த மாதிரி ஒரு 'கூட'தான்.

'வெறும் முகம்' என்று எழுதுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இதற்கு வழக்கமான ஒரு தொடர் இருப்பதால் அதை அப்படியே கொண்டுவந்து இப்படி எழுதுகிறார்கள். தமிழில் 'வெறும்' எங்கெல்லாம் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். வெறும் வயிறு, வெறும் கை, வெறும் கழுத்து, வெறும் நெற்றி. எல்லாமே ஏதோ இருந்திருக்க வேண்டிய இடம். அதிலும் வெறும் நெற்றி, வெறும் கழுத்து என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே வேறு எண்ணம் வரும். 'வெறும் முகத்தோடு' என்று நீங்கள் எழுதினால் முதல் கேள்வி பொட்டைப் பற்றித்தான் இருக்கும்.

இல்லை, போடவில்லை என்று எதையும் மறுக்காமலே இதைச் சொல்ல நம் பேச்சில் நல்ல வழிகள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது 'முகம் கழுவின கையோட' என்பது. 'வந்த கையோட சாப்பிட்டான்' என்று சொல்கிறோமே, அந்தக் 'கையோடு'. முகம் கழுவிய கையோடு எடுத்த படம் என்றால், இடையில் எதுவும் பூசவில்லை என்பது தானாகப் புரிந்துவிடும். மேக்கப் என்ற சொல்லே தேவையில்லை. 'தூங்கி எழுந்த முகம்', 'குளிச்சு முடிச்ச முகம்' என்பவையும் இப்படியே. இவை முகத்தின் குறையைச் சொல்லவில்லை, அது எந்த நேரத்து முகம் என்று சொல்கின்றன. தூங்கி எழுந்த முகம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதனிடம் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

பழமொழி ஏதாவது சேர்க்கலாமா என்று தோன்றினால், 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பதை மட்டும் தொடாதீர்கள். இந்த மாதிரிப் படங்களுக்கு அதைப் பலர் போடுகிறார்கள். மனதில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும் என்பது அதன் பொருள். அதாவது முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடலாம் என்கிறது. நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

இனி உங்கள் படத்துக்கே வருவோம். ஞாயிறு, மொட்டை மாடி, ஈரத் தலை. இதில் நிறையவே இருக்கிறது. முதல் வரி இப்படி இருக்கலாம்:

"தலைக்குக் குளிச்ச ஞாயிறு. முடி காயுற வரைக்கும் மாடியிலதான்."

இங்கேயும் ஒரு 'தான்' இருக்கிறது, கவனித்தீர்களா? இது மாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முடி காயும்வரை கீழே இறங்கப் போவதில்லை என்ற சோம்பலைச் சொல்கிறதே தவிர, யாரோடும் வம்புக்குப் போகவில்லை. சொல்லில் குற்றமில்லை, அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே முதலில் இரண்டு வரி அளவுதான் தெரியும். மீதியைத் தொட்டுத் திறக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் அந்த இடத்தில் ஏழெட்டுச் சொற்களே அடங்கும். எனவே அந்த இடத்தை மாடிக்கும் ஈரத் தலைக்கும் கொடுங்கள். ஃபில்டரைப் பற்றிய வரி அதற்குப் பிறகு வரட்டும். 'ஃபில்டர் இல்லை' என்று முதலிலேயே வந்தால் வாசிப்பவர் கண் உடனே படத்துக்குத் திரும்பிப் போய் எதையோ தேடும். மாடியும் ஈரத் தலையும் முதலில் வந்தால், படத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையை. அப்புறம் வரும் தகவலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது வரி:

"முகம் கழுவின கையோட எடுத்தது, ஃபில்டர் இல்லாம."

இத்தோடு நிறுத்தினால் போதும். ஆனால் இதுவரை ஃபில்டர் போட்டே படம் போட்டிருக்கிறேன் என்கிறீர்கள், அதையும் சொன்னால் மனதுக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தால் மூன்றாவதாக ஒரு வரி:

"எப்பவும் போடுவேன், இன்னைக்குப் போடத் தோணலை."

இந்த வரியில் 'தோணலை' என்ற சொல்லை நான் யோசித்து வைத்திருக்கிறேன். 'இனிமே ஃபில்டரே போட மாட்டேன்' என்று எழுதினால் அது சபதம். அடுத்த மாதம் அக்கா கல்யாணத்தில் நாலு பேர் சேர்ந்து எடுத்த படத்தை அவர்களில் ஒருத்தி மெருகேற்றிப் போடுவாள், நீங்களும் அதைப் பகிர்வீர்கள், யாராவது இந்த வரியை நினைவுபடுத்துவார்கள். 'இவ்வளவு நாள் ஒளிச்சு வெச்சிருந்தேன்' என்றால் அது வாக்குமூலம். பழைய படங்களெல்லாம் குற்றம் போல ஆகிவிடும், அவற்றில் உங்களோடு இருக்கும் தோழிகளையும் சேர்த்துத்தான். 'பொய் இல்லாத முகம்' என்று எழுதினாலும் இதே கதை, மற்றவர்கள் முகமெல்லாம் பொய்யா என்று கேட்க வைக்கும். 'தோணலை' என்பதில் சபதமும் இல்லை, வருத்தமும் இல்லை. இன்றைக்கு மனது இப்படி இருந்தது, அவ்வளவே. உண்மையும் அதுதானே.

மூன்றையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்:

"தலைக்குக் குளிச்ச ஞாயிறு. முடி காயுற வரைக்கும் மாடியிலதான்.
முகம் கழுவின கையோட எடுத்தது, ஃபில்டர் இல்லாம. எப்பவும் போடுவேன், இன்னைக்குப் போடத் தோணலை."

சத்தமாகப் படியுங்கள். தோழியிடம் போனில் பேசும்போது இதே சொற்களில் சொல்வீர்களா? எந்தச் சொல் வாயில் சிக்குகிறதோ அதை உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நான் எழுதியது பொதுவான பேச்சு. நீங்கள் நெல்லைக்காரர் என்றால் உங்கள் 'காயுற' வேறு மாதிரி இருக்கும், கோவை என்றால் வேறு. அது அப்படியே இருக்கட்டும். அலங்காரமில்லாத முகத்துக்குக் கீழே மேடைத் தமிழில் எழுதினால், முகம் கழுவிக்கொண்டு வந்து பட்டுப்புடவை கட்டி நிற்பது போல இருக்கும்.

முதல் வரிக்கு எதை எடுப்பது என்பதில் ஒரு சின்ன விஷயம். படத்தில் தெரிவதையோ, படத்துக்கு ஒட்டி இருந்ததையோ எடுங்கள். தோளில் துண்டு இருந்தால் துண்டு. பின்னால் கொடியில் துணி காய்ந்தால் அது. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது எடுத்தீர்கள் என்றால் அதுவும் நல்ல வரி. ஒன்று போதும். காற்று, காபி, காக்கா, சீயக்காய் வாசனை என்று நான்கையும் அடுக்கினால், இயல்பாக இருப்பதற்கு ரொம்பவே பாடுபட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். இல்லாததை எழுதவும் வேண்டாம். காபி குடிக்காத காலையில் காபியைப் பற்றி எழுதினால் வேறு யாருக்கும் தெரியாது, ஆனால் உங்களுக்கு அந்தப் படம் கொஞ்சம் அந்நியமாகிவிடும்.

கண்மை, சன்ஸ்கிரீன் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பலருக்கு மையும் பொட்டும் மேக்கப் கணக்கில் வராது. அம்மாவிடம் கேட்டால் மை வைத்த முகத்தைத்தான் சாதாரண முகம் என்பார். அதனால் மை வைத்துக்கொண்டு 'மேக்கப் போடலை' என்று எழுதுவதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'எதுவுமே போடலை' என்று எழுதினால் அது பொய். படத்தில் மை இருந்தால் "கண்ணுக்கு மை மட்டும்" என்று எழுதிவிடுங்கள், அழகான வரியும்கூட. வெளிச்சத்தைக் கூட்டியிருந்தால் ஃபில்டர் இல்லை என்பது தப்பில்லை. ஆனால் தழும்பு மங்கும் அளவுக்குக் கூட்டியிருந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் அது ஃபில்டர் வேலைதான். அப்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'முகம் கழுவின கையோட' என்பதோடு நிறுத்துங்கள்.

இப்போது தழும்பு. அதைப் பெயர் சொல்லி எழுத வேண்டுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. என் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு வந்தது. சில வருடம் கழித்து, ஒரு நாள் காலையில் அதோடு ஒரு படம் போட்டேன். மங்கு வந்த கதை, முதலில் பட்ட வேதனை, இப்போது பழகிவிட்டது என்று பத்து வரி எழுதினேன். ஒவ்வொரு வரியும் உண்மை. கீழே வந்த பதில்களில் பாதிக்கு மேல் மருந்து. உருளைக்கிழங்குச் சாறு, கஸ்தூரி மஞ்சள், கடலை மாவில் தயிர், ஜாதிக்காயை இழைத்துப் பூசு, எங்கள் ஊரில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று. எல்லோரும் அன்பானவர்கள், எனக்கு யார்மீதும் கோபமில்லை. ஆனால் நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று சொல்ல வந்த படம், என் கன்னத்துக்கு என்ன வைத்தியம் என்ற கூட்டமாக முடிந்தது. நம் ஊரில் ஒருவர் உடம்பில் உள்ள ஒன்றைச் சொன்னால், கேட்பவருக்கு அதற்கு வழி சொல்வதுதான் மரியாதை. பேசாமல் இருந்தால் அக்கறை இல்லை என்று ஆகிவிடும். என் பத்து வரி அவர்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அதனால் என் யோசனை, தழும்பைப் பற்றி எழுதாதீர்கள். மறைப்பதற்காகச் சொல்லவில்லை. அது படத்தில் இருக்கிறது, அதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்ல முடியும்? 2015-இல் ஒரு மலையாளப் படத்தில் சாய் பல்லவி பரு தெரியும் கன்னத்தோடு மலர் டீச்சராக வந்தார். இன்றைக்கு மலரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் தமிழ்ப் பேச்சும், தலையில் வைத்த பூவும், கல்லூரியில் ஆடிக் காட்டும் அந்த ஆட்டமும். பரு அந்த முகத்தோடு சேர்ந்தே வருகிறது, தனியாக வருவதில்லை. உங்கள் படத்தில் ஈரத் தலையும் மாடி வெயிலும் அந்த வேலையைச் செய்யும்.

எழுதியே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், மருந்து சொல்ல இடம் வைக்காமல், ஒரே வரியில், முடிந்த விஷயமாக எழுதுங்கள். 'பருத் தழும்பு போகவே மாட்டேங்குது' என்பது திறந்த கதவு, எல்லோரும் உள்ளே வருவார்கள். "கன்னத்துல இருக்கிறது காலேஜ் நாள் பரு, தழும்பா தங்கிடுச்சு" என்பது மூடிய வாக்கியம். இதற்குப் பதிலாக வைத்தியம் எழுதுவது கடினம். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று எழுதுவது சுலபம். சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால் "டாக்டரைப் பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்று சேர்க்கலாம், அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

இதே வழியை வேறு படங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் எடுத்தது என்றால் "ஆறு மணி பஸ், ஜன்னல் சீட்டு. இனி போய்த் தூங்கணும்" என்பது போதும், கண்ணுக்குக் கீழ் கருவளையத்துக்கு அதுவே விளக்கம். தோசை ஊற்றும்போது எடுத்தது என்றால் "கல்லு காஞ்சிடுச்சு, சீக்கிரம் எடுன்னேன்" என்று எழுதலாம். எடுத்தவரும் வரிக்குள் வந்துவிடுகிறார், அவரோடு இருக்கும்போது உங்களுக்கு முகத்தைப் பற்றிய நினைப்பே இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. காய்ச்சல் விட்டு எழுந்த படம் என்றால் அதை ஒளிக்காமல் "நேத்தோட காய்ச்சல் விட்டுடுச்சு, இன்னைக்கு ரசம் சாதம்" என்று எழுதுங்கள். அங்கே உடம்பைப் பற்றி விசாரிப்பது நியாயம்தானே.

#nofilter என்ற குறி வேண்டுமா என்றால், என் விருப்பம் வேண்டாம். அதை வரியிலேயே தமிழில் சொல்லிவிட்டீர்கள், இரண்டாவது முறை சொன்னால் அழுத்துவது போல ஆகும். எமோஜி ஒன்று போடலாம், சூரியன் மாதிரி. வெட்கப்படும் முகம், கண்ணை மூடிக்கொள்ளும் குரங்கு இரண்டும் வேண்டாம். கேப்ஷனில் நீங்கள் தவிர்த்த மன்னிப்பை அவை பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிடும்.

இவ்வளவு பார்த்துப் போட்டாலும் அத்தையோ சித்தியோ "ஏன்டி இப்படிக் கறுத்துட்டே? டல்லா இருக்கியே, உடம்பு சரியில்லையா?" என்று எழுதத்தான் செய்வார். அது உங்கள் கேப்ஷன் தோற்றதன் அடையாளம் இல்லை. நம் வீடுகளில் 'இளைச்சுட்டே', 'கறுத்துட்டே' என்பதெல்லாம் 'நல்லா இருக்கியா' என்பதன் வேறு உருவம். கறுப்பைக் குறையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது, ஆனால் அதை அத்தையோடு பேச அந்தப் படத்தின் கீழ்ப்பகுதி சரியான இடம் இல்லை. கேப்ஷன் பேசிய அதே விஷயத்தில் நின்று பதில் சொல்லுங்கள்: "நல்லா இருக்கேன் அத்தை, மாடி வெயில். நீங்க எப்படி இருக்கீங்க?" பேச்சு அவர் பக்கம் போய்விடும். 'மேக்கப் போடலை அத்தை, அதான்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். போடாவிட்டால் டல்லாக இருப்பேன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"செம அழகு" என்று வருபவற்றுக்கு "நன்றி" போதும். 'ஐயோ, சும்மா சொல்லாதே', 'பொய்தானே' என்றால், அவள் இன்னொரு முறை அழுத்திச் சொல்ல வேண்டியதாகிவிடும், பாராட்டைக் கேட்டு வாங்கியது போல உங்களுக்கே கூச்சமாக இருக்கும். "எனக்கும் இதே மாதிரி போடணும், தைரியம் வரலை" என்று ஒருத்தியாவது தனியாக மெசேஜ் அனுப்புவாள் என்று நினைக்கிறேன். என் பத்து வரிப் படத்துக்கே அப்படி மூன்று பேர் அனுப்பினார்கள். அவளுக்கு நிதானமாக, நேரம் எடுத்துப் பதில் எழுதுங்கள். கேப்ஷனில் விட்டுவிட்ட தழும்புக் கதையை அவளிடம் முழுதாகச் சொல்லலாம்.

இன்னொன்று. போட்ட முதல் ஒரு மணி நேரம், யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டு உட்காராமல் இருக்க வழி செய்துகொள்ளுங்கள். என் வழக்கம், போட்டுவிட்டுப் போனை உள்ளறையில் சார்ஜில் செருகிவிட்டு ஏதாவது வேலை பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை என்றால், காய்ந்த தலையைச் சிக்கெடுத்துப் பின்னவே அரை மணி நேரம் போய்விடும்.